தேய்மானம்: சொல்லும் அட்டவணையும்

செருப்பு தேய்கிறது, நிலா தேய்கிறது, கல்லில் உரசினால் சந்தனக்கட்டை தேய்கிறது. 'தேய்' என்ற இந்தப் பழைய வினையோடு, வருமானம், பெறுமானம், கட்டுமானம் ஆகியவற்றில் வரும் அதே 'மானம்' சேர்ந்து பிறந்ததுதான் தேய்மானம். கணக்குப் பதிவியலில் 'டெப்ரிசியேஷன்' என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் சொல் இது.

ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு. லத்தீனில் 'ப்ரெட்டியும்' என்றால் விலை, 'தே' என்றால் கீழே. விலை இறங்குவதே அதன் மூலப்பொருள், பொருள் உராய்ந்து போவது அல்ல. இலங்கைத் தமிழர் கணக்கியலில் எழுதும் 'பெறுமானத் தேய்வு' இந்த வேருக்கு நெருக்கமானது. தேய்வது பொறி அல்ல, அதன் பெறுமானம் என்று அது திருத்தமாகச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் நான் தேய்மானத்தையே வைத்துக்கொள்வேன். தேய்மான விகிதம், தேய்மானத் தொகை என்று அடுத்த சொல்லோடு அது எளிதாக ஒட்டுகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை: அட்டவணையில் குறையும் எண் பொருளின் இன்றைய சந்தை விலையைச் சொல்வதில்லை. வாங்கிய செலவில் இன்னும் கணக்கில் எழுதப்படாமல் மிச்சம் இருப்பதைத்தான் சொல்கிறது.

தேய்மான அட்டவணை பெரும்பாலும் நம் கைக்கு வருவது ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவாகத்தான். அதன் தலைப்புச் சொற்களுக்குத் தமிழில் பொருள் தெரிந்தாலே சரிபார்ப்பு பாதி முடிந்துவிடும். 2024-25 நிதியாண்டுக்கான ஒரு சலவை நிலையத்தின் வருமான வரி அட்டவணை என்று வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை.

முதல் பத்தியில் 'ஓப்பனிங் டபிள்யூ.டி.வி.' என்று இருக்கும். எழுதிக் குறைத்த மதிப்பின் தொடக்க நிலை, சுருக்கமாகத் தொடக்க மதிப்பு. ஏப்ரல் 1 அன்று கணக்கில் இருந்தது. இந்த எண்ணை இந்தப் படத்தை வைத்தே சரிபார்க்க முடியாது. போன ஆண்டு அட்டவணையின் இறுதி மதிப்பு அப்படியே இங்கே வந்திருக்க வேண்டும், ஆகவே அதையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 'அடிஷன்'. இதைக் கூட்டல் என்று பெயர்த்தால் குழப்பம். ஆண்டுக்குள் புதிதாக வாங்கிச் சேர்த்த சொத்து என்பதால் 'சேர்க்கை' என்பதே பொருத்தம். இது வழக்கமாக ஒரு பத்தி அல்ல, இரண்டு. அந்த ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ பயன்பாட்டில் இருந்தவை ஒன்றில், அதற்குக் குறைவானவை மற்றொன்றில். குறைவானவற்றுக்கு அந்த ஆண்டு பாதி விகிதம்தான். நாள் எண்ணுவது பில் தேதியிலிருந்து அல்ல, பயன்படுத்தத் தொடங்கிய நாளிலிருந்து. 2024 அக்டோபர் 3 அன்று ஓடத் தொடங்கிய இயந்திரத்துக்கு மார்ச் 31 வரை சரியாக 180 நாள் ஆகிறது, முழு விகிதம் கிடைக்கும். மறுநாள் தொடங்கியிருந்தால் பாதிதான்.

நம் சலவை நிலையத்தில் இயந்திரங்களின் தொடக்க மதிப்பு 6,40,000. ஜூலையில் ஓட்டிய துவைக்கும் இயந்திரம் 1,20,000, டிசம்பரில் வந்த உலர்த்தி 80,000. விகிதம் 15 சதவீதம்.

இப்போது 'சார்ஜ்'. இது கட்டணமும் அல்ல, போனுக்கு ஏற்றுவதும் அல்ல. இந்த ஆண்டின் லாபத்தில் செலவாக எழுதும் பங்கு, அதாவது ஆண்டுத் தேய்மானம். படத்தில் 1,20,000 என்று போட்டிருக்கிறது. அவசரக்காரர் மூன்றையும் கூட்டி, 8,40,000-க்கு 15 சதவீதம் 1,26,000 ஆயிற்றே, அட்டவணை தப்பு என்பார். தப்பு அவருடையது. முதல் இரண்டும் சேர்ந்த 7,60,000-க்கு 15 சதவீதம் 1,14,000. உலர்த்தியின் 80,000-க்கு ஏழரை சதவீதம் 6,000. மொத்தம் 1,20,000, படத்தில் உள்ளதே சரி. 8,40,000-இல் அதைக் கழித்தால் 7,20,000. அதுதான் 'குளோஸிங்', இறுதி மதிப்பு.

ஒவ்வொரு வரிசையிலும் இப்படி இரண்டு தனித்தனிச் சோதனை கிடைக்கிறது. தொடக்கத்தோடு சேர்க்கையைக் கூட்டித் தேய்மானத்தைக் கழித்தால் இறுதி மதிப்பு வருகிறதா? விகிதத்தால் பெருக்கினால் அதே தேய்மானம் வருகிறதா? மங்கலான படத்தில் இவைதான் கண்ணாடி. கணினி வரிசையில் தொடக்க மதிப்பு 48,000 போலத் தெரிகிறது. நவம்பரில் வாங்கியது 60,000, விகிதம் 40 சதவீதம், தேய்மானம் 30,000, இறுதி மதிப்பு 75,000. 48,000-க்கு 40 சதவீதம் 19,200, புதியதற்கு 20 சதவீதம் 12,000, ஆக 31,200. படத்தோடு ஒட்டவில்லை. பின்னாலிருந்து வாருங்கள்: 75,000-உடன் 30,000 கூட்டி 60,000 கழித்தால் 45,000. அதற்கு 40 சதவீதம் 18,000, பாதி விகிதத் தொகை 12,000, சேர்ந்தால் 30,000. ஆக அந்த எழுத்து 8 அல்ல, 5. தட்டச்சுப் பிழை என்று ஆடிட்டருக்குப் போன் போடும் முன் இதைச் செய்துவிடலாம்.

இரண்டு சோதனையும் சேர்ந்து தோற்றால், தோற்கும் தொகையைக் கவனிக்க வேண்டும். வாகன வரிசையில் தொடக்கம் 3,20,000, சேர்க்கை இல்லை, விகிதம் 15, தேய்மானம் 40,500, இறுதி மதிப்பு 2,29,500. 3,20,000-இல் 40,500 போனால் 2,79,500 இருக்க வேண்டும். குறைவது சரியாக 50,000. 3,20,000-க்கு 15 சதவீதம் 48,000 என்பதால் அதுவும் ஒட்டவில்லை. ஆனால் முதலிலேயே 50,000-ஐக் கழித்து, 2,70,000-க்கு 15 சதவீதம் போட்டால் 40,500 கச்சிதமாக விழுகிறது. பழைய டெலிவரி வண்டியை 50,000-க்கு விற்றிருக்கிறார்கள். போட்டோ எடுத்தவர் ஓரத்தை வெட்டும்போது விற்பனைப் பத்தியும் போய்விட்டது. வருமான வரிக் கணக்கில் 'பிளாக்' எனப்படும் சொத்துத் தொகுதியிலிருந்து கழிக்கப்படுவது விற்ற பொருளின் பழைய விலை அல்ல, விற்றுக் கிடைத்த தொகை. அதனால்தான் எண் இவ்வளவு நேராகப் பொருந்தியது.

நிறுமச் சட்டப்படி, அதாவது கம்பெனிக் கணக்குக்காகப் போடும் அட்டவணையை இதோடு கலக்கக் கூடாது. அங்கே வாங்கிய விலையும் இதுவரை சேர்ந்த தேய்மானமும் தனித்தனிக் கட்டங்களில் ஓடும், 'ஓப்பனிங்' என்ற தலைப்பே இரண்டு இடத்தில் வரும். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை விகிதம் தருவதில்லை, பயன்படும் ஆயுட்காலத்தைத் தருகிறது. மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் அது 3 ஆண்டு.

எண்கள் எல்லாம் ஒட்டிய பிறகும் படம் காட்டாத பிழை ஒன்று உண்டு. அறைகலன் வரிசையில் விகிதம் 10 சதவீதம். 40,000 ரூபாய் மடிக்கணினி ஒன்றை மேசை நாற்காலியோடு அங்கே சேர்த்துவிட்டால் கூட்டலும் பெருக்கலும் அழகாகப் பொருந்தும், முழு ஆண்டில் 16,000 கழிய வேண்டிய இடத்தில் 4,000 மட்டும் கழியும். அதைப் பிடிக்க சேர்க்கைப் பத்தியின் ஒவ்வொரு தொகைக்கும் உரிய பில்லை எடுத்து, வாங்கிய பொருள் என்ன என்று பார்த்தாக வேண்டும்.