ஸ்ட்ராடில்: சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ராடில்’ என்றால் இரண்டு பக்கமும் காலைப் போட்டு நிற்பது, உட்கார்வது. குதிரை மேல் ஏறியவர் உட்காரும் விதம். 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்கப் பங்கு வணிகர்கள் இந்தச் சொல்லை ஆப்ஷனுக்கு, அதாவது பங்கை முன்பே பேசிய விலைக்கு வாங்கவோ விற்கவோ கிடைக்கும் உரிமைக்கு, எடுத்துக்கொண்டார்கள். ஒரே பங்கை, ஒரே விலைக்கு, ஒரே முதிர்வு நாளில் வாங்கும் உரிமை ஒன்று, விற்கும் உரிமை ஒன்று என இரண்டையும் சேர்த்து எடுத்தால் அது ஸ்ட்ராடில். விலை எந்தப் பக்கம் போனாலும் பரவாயில்லை, ஆனால் நின்ற இடத்தில் நிற்கக் கூடாது.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. 1956ஆம் ஆண்டின் பங்கு ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் ஆப்ஷன் என்றால் என்ன என்று சொல்லும்போது தேஜி, மந்தி, தேஜி மந்தி, கல்லி, புட், கால் என்று வரிசையாக அடுக்குகிறது. தேஜி என்பது வேகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லில் இருந்து வந்தது, விலையேற்றம். மந்தி என்றதும் குரங்கு ஞாபகம் வர வேண்டாம். நாம் ‘வியாபாரம் மந்தம்’ என்கிறோமே, அந்த மந்தம்தான். இரண்டும் சேர்ந்த தேஜி மந்திதான் ஸ்ட்ராடில். சௌகார்பேட்டை மொத்த வியாபாரிகளுக்கு ஏற்ற இறக்கத்தைச் சொல்ல இன்றும் இவைதான் வாய்க்கு வரும் சொற்கள். விளக்கம் கொடுத்த அதே சட்டம் ஆப்ஷனைத் தடையும் செய்தது. தடை 1995இல் நீங்கியது, தேசியப் பங்குச்சந்தையில் ஆப்ஷன் வணிகம் 2001இல் தொடங்கியது. செகண்ட் லைன் பீச்சில் இருந்த சென்னைப் பங்குச்சந்தை 2015இல் கடையைக் கட்டிவிட்டது. இப்போது எல்லாம் செல்போனில்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? நேர்ச்சொல் வேண்டுமென்றால் ‘கவடு’ இருக்கிறது. கிளை இரண்டாகப் பிரியும் இடம். ஸ்ட்ராடிலின் வரைபடமும் அப்படியே இருக்கும். ஆனால் கவடு என்றால் வஞ்சகம் என்றும் பொருள் உண்டு. பேச்சில் அது கவுட்டி ஆனால் இன்னும் சங்கடம். அதனால் என் தேர்வு ‘இருதிசை உரிமை’. புட் ‘விற்புரிமை’, கால் ‘வாங்குரிமை’. புரொடெக்டிவ் புட்டைக் ‘காப்பு விற்புரிமை’ எனலாம்.

அந்தக் காப்பு விற்புரிமையில் இருந்து தொடங்கினால் ஸ்ட்ராடில் சுலபமாகப் புரியும். உங்களிடம் 500 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பங்கு இருக்கிறது. அதை 45 நாள் கழித்து 500 ரூபாய்க்கே விற்கும் உரிமையை 18 ரூபாய் பிரீமியம் கொடுத்து வாங்குகிறீர்கள். முதிர்வு நாளில் பங்கு 440க்கு விழுந்தால் விற்புரிமையில் 60 ரூபாய் வரும். பங்கும் அதுவும் சேர்ந்து 500. நஷ்டம் நீங்கள் கொடுத்த 18 மட்டும். பங்கு 560 ஆனால் விற்புரிமைக்கு மதிப்பில்லை, பங்கில் கிடைத்த 60இல் 18 போக 42 லாபம். பங்கு எவ்வளவு விழுந்தாலும் நஷ்டம் 18ஐத் தாண்டாது. லாபம் தொடங்குவது 518க்கு மேல்.

சரி, இதோடு இன்னொரு விற்புரிமையையும் வாங்கினால்? இப்போது பங்கு ஒரு ரூபாய் இறங்கினால் அதில் ஒரு ரூபாய் போகும், விற்புரிமைகளில் இரண்டு ரூபாய் வரும். ஏறினால் பங்கில் ஒரு ரூபாய் வரும். அதாவது எந்தப் பக்கம் போனாலும் ரூபாய்க்கு ரூபாய். இது ஸ்ட்ராடிலேதான். பங்கைத் தொடாமல் நேராக எடுப்பதென்றால் அதே 500க்கு வாங்குரிமை 22 ரூபாய், விற்புரிமை 18, மொத்தம் 40. இரண்டு விற்புரிமைக்கு 36தானே ஆனது, அந்த வழிதான் மலிவாயிற்றே என்று தோன்றும். ஆனால் அதில் 500 ரூபாய் பங்கில் 45 நாள் முடங்கிக் கிடக்கிறது. அதற்கு வருடம் ஆறரை சதவீத வட்டி போட்டால் மிச்சம் 4 ரூபாய் சரியாகிவிடும்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மயிலாப்பூரில் ஒரு நண்பர் செல்போனைக் காட்டிக் கேட்டார், “சார், 500ல எடுத்தேன், 525ல முடிஞ்சிருக்கு. இருபத்தஞ்சு ரூபா வரணுமே, ஏன் நஷ்டம் காட்டுது?” வந்தது 25தான். ஆனால் கொடுத்தது 40. பேஆஃப் என்பது முதிர்வு நாளில் உரிமையால் கைக்கு வருவது, அதாவது வரவு. அது ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. பிராஃபிட் என்பது அதில் பிரீமியத்தைக் கழித்தது, அதாவது லாபம். வரவின் வரைபடம் 500இல் தரையைத் தொட்டு இருபுறமும் ஏறும். அதை அப்படியே 40 ரூபாய் கீழே இறக்கினால் லாபத்தின் வரைபடம். அது தரையைத் தாண்டும் இடங்கள் 460, 540. இடையில் எங்கே முடிந்தாலும் நஷ்டம்தான். சரியாக 500இல் முடிந்தால் 40 ரூபாயும் போச்சு.

முதிர்வு வரை காத்திருக்காமல் காலாண்டு முடிவு வருவதற்கு முந்தின நாள் வாங்கி, மறுநாளே விற்கப் பார்ப்பவர்கள் உண்டு. முடிவு என்ன வருமோ என்ற பதற்றமும் அந்த 40 ரூபாயில் சேர்ந்தே விலை போட்டிருக்கும். அறிவிப்பு வந்ததும் பதற்றம் வடியும். பங்கு 520க்கு ஏறியும், ஜோடி 34 ரூபாய்க்கு இறங்கியிருப்பதைப் பார்க்கலாம். செயலியில் இம்ப்ளைட் வோலட்டிலிட்டி என்று ஒரு எண் இருக்கும், பங்கு எவ்வளவு ஆடும் என்று சந்தை எதிர்பார்க்கிறதோ அதன் அளவு. வாங்கும் முன் அது வழக்கத்தைவிட உயர்ந்து நின்றால், பதற்றத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

அப்புறம் லாட், அதாவது மொத்தமாகச் சேர்த்து வாங்க வேண்டிய எண்ணிக்கை. தனிப் பங்குகளின் ஆப்ஷனை ஒன்று, இரண்டு என்று வாங்க முடியாது. லாட் 1,200 என்று வைத்துக்கொள்வோம். கையில் 300 பங்கு மட்டும் இருப்பவர் ‘காப்பு’ என்று நினைத்து ஒரு லாட் விற்புரிமை வாங்கினால் பிரீமியம் 21,600 ரூபாய். அதோடு பங்குக்கு நான்கு விற்புரிமை ஆகிவிட்டது. இது காப்பும் இல்லை, ஸ்ட்ராடிலும் இல்லை. இறக்கத்துக்குக் கட்டிய பந்தயம். பங்கு 476க்குக் கீழே போக வேண்டும், இல்லை 572க்கு மேலே ஏற வேண்டும். நடுவில் எங்கே முடிந்தாலும் நஷ்டம்.

இன்னொரு சிக்கல், 2019 அக்டோபரில் இருந்து தனிப் பங்கு ஆப்ஷன் எல்லாமே முதிர்வில் பணத்தால் அல்ல, பங்கைக் கொடுத்து வாங்கித்தான் தீர்கின்றன. நிஃப்டி போன்ற குறியீட்டுக்கு மட்டும் பணத்தில் கணக்கு முடியும். காப்பு விற்புரிமை லாட்டுக்குச் சரியாக இருந்தால் தொல்லையில்லை, இருக்கும் 1,200 பங்கைக் கொடுத்து 6,00,000 ரூபாய் வாங்கிக்கொள்ளலாம். ஸ்ட்ராடில் வைத்திருப்பவருக்குத்தான் தலைவலி. விலை மிகச் சரியாக 500இல் நின்றாலொழிய இரண்டில் ஒன்று கட்டாயம் மதிப்போடு முடியும். மேலே முடிந்தால் 48,000 ரூபாய் போட்டவர் 6,00,000 ரூபாய் கட்டிப் பங்கை எடுக்க வேண்டும். கீழே முடிந்தால் இல்லாத பங்கைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சந்தை ஏலத்தில் வாங்கி உங்கள் கணக்கில் எழுதும். முதிர்வு நெருங்கும் கடைசி நாட்களில் தரகர் கூடுதல் மார்ஜின், அதாவது ஈட்டுப் பணம், கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்புவது இதனால்தான். அந்தச் செய்தி வந்தால், பங்கை எடுக்கவோ கொடுக்கவோ வழி இல்லாதவர் அன்றே இரண்டையும் விற்று வெளியே வந்துவிடுவது நல்லது.