அடுக்கும் குவியலும்: ஸ்டாக், ஹீப் என்ற இரண்டு சொற்கள்

"ஸ்டாக் நினைவகம், ஹீப் நினைவகம் – வேறுபடுத்துக." ஐந்து மதிப்பெண் கேள்வி. விடைத்தாள் திருத்தும்போது நான் அடிக்கடி பார்க்கும் பதில் இப்படி இருக்கும்: "ஸ்டாக்கில் கடைசியில் வைத்தது முதலில் வெளியே வரும். ஹீப் என்பது மரம் போன்ற அமைப்பு. அதில் பெரிய எண் உச்சியில் இருக்கும்."

முதல் வாக்கியம் சரி, ஆனால் கேட்ட கேள்விக்கு அது பாதி பதில்தான். அடுத்த இரண்டு வாக்கியங்களும் வேறொரு பாடத்திலிருந்து வந்தவை. எழுதிய மாணவர் படிக்காதவர் இல்லை, ஹீப்சார்ட் பாடத்தை நன்றாகவே படித்திருக்கிறார். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால் வேறுபாட்டுக்குப் போகும் முன் இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம்.

ஸ்டாக் என்ற ஆங்கிலச் சொல் பழைய நார்ஸ் மொழியில் வைக்கோல் போரைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. தமிழில் "போர்" என்றே சொல்லியிருக்கலாம், ஆனால் நினைவகப் போர் என்றால் படிப்பவருக்கு யுத்தம்தான் நினைவுக்கு வரும். "அடுக்கு" எல்லா வகையிலும் பொருந்துகிறது. அடு என்றால் நெருங்கு, சேர். அடுத்த, அடுத்தடுத்து, அடுக்கு என எல்லாம் அந்த வேரிலிருந்து கிளைத்தவை. ஒன்றன்மேல் ஒன்றாக, வரிசை மாறாமல் வைப்பது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மேலே இருப்பதை எடுக்காமல் கீழே இருப்பதை எடுக்க முடியாது என்பதையும் அடுக்கு என்று கேட்டவுடனே மனம் ஏற்றுக்கொள்கிறது.

இந்தக் கருத்து, ஸ்டாக் என்ற பெயருக்கு முந்தியது. ஆலன் டூரிங் 1945-46-ல் ஏஸ் கணினிக்கான திட்டத்தை எழுதியபோது, ஒரு துணை நிரலுக்குள் போவதற்கு முன் திரும்பி வரவேண்டிய இடத்தைக் குறித்து வைப்பதைப் "புதைத்தல்" என்றும், திரும்பும்போது அதை எடுப்பதைத் "தோண்டியெடுத்தல்" என்றும் பொருள்படும் சொற்களால் குறித்தார். ஜெர்மனியில் பாவரும் சாமெல்சனும் 1957-ல் இதே கருத்துக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார்கள். அவர்கள் வைத்த பெயரின் பொருள் நிலவறை. தன்னையே அழைத்துக்கொள்ளும் ஃபங்ஷன்களை இயக்கும் வழியை விளக்கி 1960-ல் எழுதிய கட்டுரையில் டைக்ஸ்ட்ரா ஸ்டாக் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். புதைகுழி, நிலவறை, அடுக்கு என மூன்று உருவகங்களும் ஒன்றையே சொல்கின்றன: எந்த ஃபங்ஷன் கடைசியில் தொடங்கியதோ அதுதான் முதலில் முடியும். நினைவக அடுக்கு பிறந்த காரணமே இதுதான்.

ஹீப்பின் கதை வேறு. அது பழைய ஆங்கிலச் சொல். பொருள் குவியல், கும்பல். கணினித் துறைக்குள் அது இரண்டு வாசல் வழியாக வந்தது. 1964-ல் வில்லியம்ஸ் என்பவர் ஹீப்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையை வெளியிட்டு, அதில் வரும் மரம் போன்ற அமைப்புக்கு ஹீப் என்று பெயரிட்டார். ஆல்கால் 68 மொழியோ, ஃபங்ஷன் முடிந்த பின்னும் அழியாமல் இருக்கவேண்டிய இடத்தைக் கேட்டுப் பெற அதே சொல்லைக் குறிச்சொல்லாக வைத்துக்கொண்டது. இரண்டுக்கும் உறவே இல்லை. நினைவக ஹீப்பில் மரமும் இல்லை, உச்சியில் பெரிய எண்ணும் இல்லை.

தமிழில் இதற்குக் "குவியல்" சரி. சிலர் "குவியம்" என்று எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன், ஏனென்றால் இயற்பியலில் லென்ஸின் ஒளி வந்து சேரும் புள்ளிக்குக் குவியம் என்று ஏற்கெனவே பெயர். "குவை" என்ற அழகான பழைய சொல்லும் உண்டு, ஆனால் இன்று எழுத்தில் குறைந்துவிட்டது. தமிழிலும் அதே குழப்பம் வராமல் இருக்க, தரவு அமைப்பைக் "குவியல் மரம்" என்றும் நினைவகப் பகுதியைக் "குவியல் நினைவகம்" என்றும் பிரித்து எழுதுவது நல்லது.

சரி, இப்போது வேறுபாடு. ஒரு சிறிய சி நிரலைப் பார்ப்போம்.

```c
#include <stdio.h>
#include <stdlib.h>

int *make(int n) {
    int *p = malloc(n * sizeof(int));
    p[0] = n;
    return p;
}

int main(void) {
    int *a = make(3);
    printf("%d\n", a[0]);
    free(a);
}
```

`main` தொடங்கும்போது அடுக்கில் அதற்கென ஒரு தட்டு போடப்படுகிறது. `a` அதில் இருக்கிறது. `make(3)` அழைக்கப்பட்டதும் அதன்மேல் இன்னொரு தட்டு வருகிறது. அதில் `n`, `p`, அப்புறம் திரும்பிப் போகவேண்டிய முகவரி. (கம்பைலர் சில மாறிகளை ரெஜிஸ்டரிலேயே வைத்துக்கொள்வதும் உண்டு. தேர்வுக்கு அடுக்கு என்று எழுதினால் போதும்.) `malloc` கேட்பது 3 முழு எண்களுக்கான இடம். ஒன்றுக்கு 4 பைட் என்றால் 12 பைட். அந்த 12 பைட் குவியலிலிருந்து வருகிறது.

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். "`p` எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் குவியலில் என்று எழுதிவிடுகிறார்கள். `p` ஒரு சாதாரண உள்ளக மாறி, 64 பிட் கணினியில் 8 பைட் நீளம், அது அடுக்கில் இருக்கிறது. அது சுட்டிக்காட்டும் 12 பைட்தான் குவியலில் இருக்கிறது. முகவரி எழுதிய சீட்டு வேறு, அந்த முகவரியில் இருக்கும் வீடு வேறு.

`make` முடிகிறது. அதன் தட்டு எடுக்கப்படுகிறது, `n` போயிற்று, `p` போயிற்று. உண்மையில் யாரும் எதையும் அழிப்பதில்லை. அடுக்கின் உச்சி எது என்று குறித்து வைத்திருக்கும் ரெஜிஸ்டரின் எண் மாறுகிறது, அவ்வளவே. அடுக்கு வேகமாக இருப்பதற்குக் காரணமும் இந்த ஒற்றைக் கணக்குதான். "ஸ்டாக் பிராசசருக்குள் இருக்கிறது, ஹீப் ராமில் இருக்கிறது" என்று எழுதுவது தவறு. இரண்டும் ஒரே ராமில் இருப்பவைதான்.

குவியலில் இருக்கும் 12 பைட்டுக்கு `make` முடிந்தது தெரியவே தெரியாது. அதன் முகவரி `return p` வழியாக `main`-இல் உள்ள `a`-வுக்கு வந்து சேர்ந்துவிட்டதால் `a[0]` தடையின்றி 3 என்று அச்சிடுகிறது. `free(a)` என்று சொல்லும்வரை அந்த இடம் நம்முடையது. எத்தனை பைட் என்று `free`-க்கு நாம் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். கொடுத்த இடத்தின் அளவை குவியலை நிர்வகிக்கும் நூலகமே கணக்கில் வைத்திருக்கிறது. ஆகவே குவியல் என்ற பெயர் சொல்வது போல அது அலங்கோலமாகக் கிடப்பதில்லை. எது காலி, எது நிரம்பியது என்ற கணக்கு அங்கே நடந்துகொண்டே இருக்கிறது. பொருத்தமான காலியிடத்தைத் தேட நேரம் பிடிப்பதால்தான் குவியல் கொஞ்சம் மெதுவானது.

ஆக, வேறுபாட்டின் மையம் ஆயுள். அடுக்கில் இருப்பதன் ஆயுளை ஃபங்ஷன் முடிவு செய்கிறது, குவியலில் இருப்பதன் ஆயுளை நாம் முடிவு செய்கிறோம். வேகம், அளவு, பிழைகள் எல்லாம் இதிலிருந்து பிறக்கின்றன. சி மொழியின் தரநிலை ஆவணம் ஸ்டாக், ஹீப் என்ற சொற்களைப் பயன்படுத்தாமல், தானாக முடியும் ஆயுள், ஒதுக்கிப் பெற்ற ஆயுள் என்ற வகையில்தான் பேசுகிறது.

பிழைகளையும் இதே நிரலில் பார்த்துவிடலாம். `make`-இன் கடைசி வரியை `return &n;` என்று மாற்றினால், எடுத்துவிட்ட தட்டின் முகவரியைக் கொடுக்கிறோம். ஜிசிசி கம்பைலர் `function returns address of local variable` என்று எச்சரிக்கும். எச்சரிக்கையைப் பார்க்காமல் ஓட்டினால் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது: நிரல் விழலாம், சில கம்பைலர்களில் 3 கூட அச்சாகலாம். மாறாக `free(a)` வரியை விட்டுவிட்டால் நினைவகக் கசிவு. இந்த நிரல் உடனே முடிந்துவிடுவதால் இயங்குதளமே எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளும், கசிவு கண்ணுக்குப் படாது. நாள்கணக்கில் ஓடும் நிரலில் `free` இல்லாமல் `make(3)` அழைப்பு ஒரு சுழற்சிக்குள் இருந்தால் நினைவகப் பயன்பாடு ஏறிக்கொண்டே போகும்.

அளவையும் ஒரு வரியில் சோதித்துப் பார்க்கலாம். லினக்ஸில் `ulimit -s` என்று தட்டினால் வழக்கமாக 8192 வரும். அடுக்குக்கு 8 எம்பி வரம்பு என்று பொருள். ஒரு ஃபங்ஷனுக்குள் `int big[4000000];` என்று அறிவித்து அதில் எண்களை நிரப்பினால், அது 16 எம்பி கேட்கும். நிரல் `Segmentation fault` என்று விழும். அதே 16 எம்பியை `malloc` மூலம் கேட்டால் சிக்கல் இல்லை. நிற்கும் நிபந்தனை இல்லாமல் தன்னையே அழைக்கும் ஃபங்ஷனும் தட்டு மேல் தட்டு போட்டு இதே வரம்பில்தான் மோதுகிறது.

இவ்வளவையும் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். நான் முழு மதிப்பெண் தரக்கூடிய விடை இப்படி இருக்கும்:

"ஃபங்ஷனின் உள்ளக மாறிகள், அளபுருக்கள், திரும்பும் முகவரி ஆகியவை அடுக்கு நினைவகத்தில் இருக்கும். ஃபங்ஷன் முடிந்தவுடன் அந்த இடம் தானாக விடுவிக்கப்படும். நிரல் ஓடும்போது `malloc` போன்றவற்றால் கேட்டுப் பெறும் இடம் குவியல் நினைவகத்தில் இருக்கும். ஃபங்ஷன் முடிந்தாலும் அது நீடிக்கும், `free` மூலம் விடுவிக்க வேண்டும். அடுக்கு வேகமானது, ஆனால் அளவு வரம்பு குறைவு, மீறினால் அடுக்கு வழிதல் ஏற்படும். குவியல் பெரிய தரவுக்கு ஏற்றது, விடுவிக்க மறந்தால் நினைவகக் கசிவு ஏற்படும். எ.கா. `int *p = malloc(12);` இதில் `p` அடுக்கிலும், அது சுட்டும் 12 பைட் குவியலிலும் இருக்கும்."

ஜாவா தேர்வு என்றால் `free` வரும் இடத்தில் "எவரும் சுட்டாத பொருளைக் குப்பை சேகரிப்பான் விடுவிக்கும்" என்று எழுதுங்கள், மற்றவை பெரும்பாலும் அப்படியே பொருந்தும். இரண்டு மதிப்பெண் கேள்வியாக இருந்தால் ஆயுளைப் பற்றிய வரிகளையும் கடைசி எடுத்துக்காட்டையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தையும் அளவையும் விட்டுவிடலாம்.