பழைய ஹெட்லைட்டில் புது எல்இடி பல்பு

சோமனூரில் தறி ஓட்டும் ஒருவர் தன் பழைய நூறு சிசி வண்டியில் ஹாலஜனைக் கழற்றிவிட்டு எல்இடி பல்பு போட்டார். இரவு ஷிப்ட் முடிந்து பல்லடம் ரோட்டில் வீடு திரும்பும்போது எதிரில் வருகிறவர்கள் எல்லாரும் டிம் பண்ணச் சொல்லி லைட் அடிக்கிறார்களாம். "நான் டிம்முலதானுங்ணா வர்றேன்! வெளிச்சம் பகலாட்டம் இருக்குதுங்க, ஆனா தூரத்துல குழி தெரிய மாட்டேங்குது" என்றார். இந்த இரண்டு குறைகளுக்கும் மூலம் ஒன்றுதான்.

நம் ஊர்ப் பழைய வண்டிகள் பலவற்றில் இருப்பது எச்எஸ்1 வகை ஹாலஜன், 35/35 வாட். அதற்குள் இரண்டு இழைகள் உண்டு. டிம் இழை சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அதன் அடியில் கிண்ணம் மாதிரி ஒரு சின்னத் தகடு. கீழ்நோக்கிப் போகும் ஒளியைத் தகடு மறைத்துவிடுவதால், பிரதிபலிப்பானின் மேல்பாதி மீது மட்டுமே ஒளி விழும். இழை குவியப் புள்ளிக்குச் சற்று முன்னால் இருப்பதால், மேல்பாதியில் பட்ட ஒளி கீழ்நோக்கித் திரும்பி ரோட்டில் இறங்கும். எதிரில் வருபவரின் கண் தப்புவது இந்த ஏற்பாட்டால்தான்.

எல்இடி பல்பில் இழை கிடையாது. ஒரு பட்டையின் இரு பக்கமும் சில்லுகள் ஒட்டியிருக்கும். பட்டைக்குத் தடிமன் உண்டு, சில்லு தட்டையானது. எல்லாப் பக்கமும் ஒளி வீசும் அந்த மெல்லிய இழையின் இடத்தில் அது அப்படியே போய் உட்காராது. ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே ஒளி தவறான கோணத்தில் திரும்பி, கொஞ்சம் மேலே போய்விடும். எதிரில் வருபவருக்கு அதுதான் கூச்சம். ஓட்டுபவருக்கோ முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஒளி கொட்டிக் கிடக்கும். அந்தப் பளிச்சில் கண்மணி சுருங்கிவிடுவதால் தூரத்துக் குழி இருட்டில் போய்விடுகிறது. அட்டையில் போட்டிருக்கும் லூமென் கணக்கு இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

சோதிக்க ஒரு சுவர் போதும். சமதரையில் சுவரிலிருந்து ஐந்து மீட்டரில் வண்டியை நிறுத்தி, ஆள் உட்கார்ந்தபடி, ஹெட்லைட் நடுமையத்தின் உயரத்துக்குச் சுவரில் டேப் ஒட்டுங்கள். பழைய ஹாலஜனை டிம்மில் போட்டால் பளிச்சென்ற பகுதியின் மேல்விளிம்பு டேப்புக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் கீழே நிற்க வேண்டும். அந்தக் கோட்டைக் குறித்துவிட்டு எல்இடியை மாட்டுங்கள். சில்லுகள் இடமும் வலமும் பார்க்குமாறு பல்பைத் திருப்பியும் டேப்புக்கு மேல் வெளிச்சம் சிதறினால், அந்தப் பல்பு அந்த ஹெட்லைட்டுக்கு ஆகாது. ஹெட்லைட்டைக் குனியவைத்தால் ரோட்டு வெளிச்சம் கிட்டத்தில் இன்னும் சுருங்கும். சிதறல் முழுசாகப் போகாது.

சோமனூர்க்காரருக்கு இன்னொரு தொல்லை: ஐட்லிங்கில் வெளிச்சம் நடுங்கியது, ஆக்சிலேட்டர் முறுக்கினால் சரியானது. பழைய சின்ன வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் ஓடாது, எஞ்சினோடு சுழலும் மேக்னட்டிலிருந்து நேரே வரும் மாறுமின்சாரத்தில் ஓடும். மேக்னட்டில் நான்கு ஜோடி துருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றினால், அதாவது நொடிக்கு 25 சுற்று, நொடிக்கு 100 அலை வரும். பல வண்டிகளில் அலையின் ஒரு பாதி பேட்டரிக்கும் மறுபாதி விளக்குக்கும் போகும். இடைவெளி சில மில்லிநொடிதான், அதற்குள் ஹாலஜன் இழை ஆறுவதில்லை. எல்இடி உடனே அணைந்துவிடும். செல்போனில் ஸ்லோ மோஷனில் படம் எடுத்தால் இந்த அணைப்பு நன்றாகத் தெரியும். எஞ்சின் ஓடாமல் சாவி போட்டதும் ஹெட்லைட் எரிந்தால் அது பேட்டரி விளக்கு. எரியாவிட்டால் உடனே முடிவு கட்ட முடியாது, மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பார்க்க வேண்டும். 2017 முதல் வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் விளக்கு எரியும் வகையும் உண்டு.

சூடு வேறு கதை. ஹாலஜன் தன் வெப்பத்தின் பெரும்பகுதியை ஒளியோடு முன்னால் வீசிவிடும். எல்இடியின் சூடு பின்பக்கத் தகட்டுக்கும் குட்டி ஃபேனுக்கும் வரும். அந்த இடமோ மூடிய ஹெட்லைட் குடுவை. தறிப் பக்கத்துப் பஞ்சுத் தூசி ஃபேனில் சுற்றிக்கொண்டால் முடிந்தது கதை. முதலில் பளிச்சென்று இருந்து அரைமணியில் மங்கினால் சூட்டைச் சந்தேகப்படலாம்.

வயரிங் சுமை குறையும் என்பது உண்மைதான்: 35 வாட் ஹாலஜன் 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், 18 வாட் எல்இடி ஒன்றரை. ஆனால் ஷண்ட் வகை ரெகுலேட்டர் உள்ள வண்டியில் மிச்சப்படும் மின்சாரத்தை ரெகுலேட்டரே வாங்கி ஒதுக்க வேண்டும், அதற்குச் சூடு ஏறும். மேக்னட் விளக்கை பேட்டரிக்கு மாற்றிக் கட்டினால் நடுக்கம் போகும். ஐட்லிங்கில் சார்ஜ் அந்த ஒன்றரை ஆம்பியருக்கு ஈடுகொடுக்கிறதா என்று அளந்துவிட்டுக் கட்டுவது நல்லது.

பேட்டரி விளக்கு உள்ள வண்டியில் ஹாலஜன் மங்கலாக இருந்தால், நான் முதலில் பல்பின் பின்னில் வோல்ட் பார்க்கச் சொல்வேன். ஓடும் எஞ்சினில் பேட்டரியில் 13.5 இருந்து பல்பில் 12 மட்டும் வந்தால், வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வயரிலும் சுவிட்சிலுமே போகிறது. பழுப்பேறிய சாக்கெட்டை மாற்றி, ஃப்யூஸோடு ரிலே வைத்துத் தடித்த வயர் இழுத்தால் அது திரும்பிவிடும், டிம் கோடும் கலையாது.