மீள்வேறுபாட்டு விரைவாக்கம்: Δ² சொல்வது என்ன?

எண்ணியல் முறைகளைப் படிப்பவர்கள் ‘எய்ட்கன் டெல்டா ஸ்கொயர்’ என்ற பெயரை எப்படியும் ஒருமுறை சந்திப்பார்கள். மெதுவாக ஒருங்கும் ஒரு தொடர்வரிசையின் சில உறுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, அது கடைசியில் போய்ச் சேரும் எல்லையை முன்கூட்டியே மதிப்பிடும் முறை அது. பெயரைக் கேட்டதும் எதையோ இருமடி ஆக்குகிறார்கள் என்று தோன்றும். உண்மையில் Δ² என்பது இருமடி அல்ல, வேறுபாட்டின் வேறுபாடு. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஏனென்றால் இந்த முறையின் சூத்திரத்தில் இரண்டுமே வருகின்றன.

Δ என்ற கிரேக்க எழுத்தை வேறுபாட்டுக்கான குறியாக ஆய்லர் 1755-இல் வெளியான தம் வகைநுண்கணித நூலில் பயன்படுத்தினார். வேறுபாட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்துக்கு இணையான கிரேக்க எழுத்து அது. ஒரு வரிசையில் அடுத்த உறுப்பிலிருந்து இந்த உறுப்பைக் கழித்தால் கிடைப்பது Δx. நம் பள்ளிப் பாடநூல்கள் இதை முன்நோக்கு வேறுபாடு என்கின்றன. அப்படிக் கிடைத்த வேறுபாடுகளையே ஒரு புதிய வரிசையாக எழுதி, அவற்றுக்கும் அதே கழித்தலைச் செய்தால் வருவது Δ²x, அதாவது இரண்டாம் வேறுபாடு. மேலே நிற்கும் 2 ‘இரண்டு முறை செய்’ என்கிறது. ‘தன்னால் தன்னைப் பெருக்கு’ என்று சொல்லவில்லை.

அலெக்சாண்டர் கிரெய்க் எய்ட்கன் 1895-இல் நியூசிலாந்தின் டனீடனில் பிறந்து, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பணியாற்றிய கணிதர். மனக்கணக்கில் பெரும் புகழ் பெற்றவர். பல்லுறுப்புச் சமன்பாட்டின் மிகப்பெரிய மூலத்தைக் காண பெர்னூலி தந்த முறை ஒன்று உண்டு. அந்த முறையில் கிடைக்கும் விகிதங்கள் மூலத்தை நோக்கி ஆமை வேகத்தில் நகரும். அவற்றை விரைவுபடுத்தவே 1926-இல் எய்ட்கன் இந்த வழியை வெளியிட்டார். ஆனால் இதே சூத்திரத்தை ஜப்பானியக் கணிதர் செகி தககாசு 17-ஆம் நூற்றாண்டிலேயே கையாண்டிருக்கிறார். வட்டத்துக்குள் 2¹⁵, 2¹⁶, 2¹⁷ பக்கங்கள் கொண்ட பல்கோணங்களை வரைந்தால் கிடைக்கும் மூன்று சுற்றளவுகளிலிருந்து அவர் π-யின் மதிப்பைப் பத்துத் தசம இடங்கள் வரை சரியாகப் பெற்றார். அவர் மறைந்த பிறகு 1712-இல் வெளியான நூலில் இது இருக்கிறது. முறைக்கு எய்ட்கன் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் வரலாறு எழுதும்போது செகியை விட்டுவிடக் கூடாது.

சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எல்லை L என்றும், ஒவ்வொரு படியிலும் பிழை ஏறக்குறைய ஒரே விகிதத்தில் சுருங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் அடுத்தடுத்த மூன்று உறுப்புகள் a, b, c-க்கு (b − L)/(a − L) என்பதும் (c − L)/(b − L) என்பதும் சமம். இதிலிருந்து L-ஐப் பிரித்தெடுத்தால்:

```
L ≈ c − (c − b)² / ((c − b) − (b − a))
```

பின்னத்தின் மேலே நிற்பது வேறுபாட்டின் உண்மையான இருமடி. கீழே நிற்பது இரண்டாம் வேறுபாடு. பெயரில் உள்ள Δ² இந்தக் கீழ்ப்பகுதிதான். சூத்திரத்தில் விகிதம் வெளிப்படையாக எங்குமே இல்லை என்பதையும் கவனியுங்கள். அது என்னவென்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை, மூன்று எண்களும் போதும்.

இனி கணக்கு. π-க்கான மிகப் புகழ்பெற்ற மெதுநடைத் தொடரையே எடுத்துக்கொள்வோம்: 4 − 4/3 + 4/5 − 4/7 + … கேரளத்தின் சங்கமகிராம மாதவர் 14-ஆம் நூற்றாண்டில் கண்டதாக அவர் மரபினர் பதிவு செய்த தொடர் இது. ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் பெயரால் வழங்குகிறது. முதல் ஏழு பகுதிக் கூடுதல்கள் இவை:

```
4.000000
2.666667
3.466667
2.895238
3.339683
2.976046
3.283738
```

ஏழு உறுப்புகளைக் கூட்டியும் முதல் தசம இடமே சரியாக வரவில்லை. முதல் மூன்று எண்களை எடுப்போம். வேறுபாடுகள் −1.333333, 0.800000. இரண்டாம் வேறுபாடு 0.8 − (−1.333333) = 2.133333. 0.8-இன் இருமடி 0.64. அதை 2.133333-ஆல் வகுத்தால் 0.3. 3.466667-இலிருந்து 0.3-ஐக் கழிக்க 3.166667 கிடைக்கிறது. மூன்றே உறுப்புகளில் இவ்வளவு நெருக்கம். அடுத்து ஒரு படி கீழே நகர்ந்து இரண்டாம், மூன்றாம், நான்காம் எண்களுக்கும், பிறகு அடுத்த மூன்றுக்கும் இதையே செய்துகொண்டு போனால் ஐந்து புதிய எண்கள் வரும்:

```
3.166667
3.133333
3.145238
3.139683
3.142713
```

தலைப்பில் உள்ள ‘மீள்’ என்ற முன்னொட்டு இங்கேதான் தன் முழுப் பொருளைப் பெறுகிறது. இந்த ஐந்தும் ஒரு வரிசை. மேலும் கீழுமாக ஊசலாடியபடி இதுவும் ஒருங்குகிறது. ஆகவே இதற்கும் அதே சூத்திரத்தைப் போடலாம். அப்படிச் செய்தால் மூன்று எண்கள்:

```
3.142105
3.141450
3.141643
```

மூன்று எண்கள் கையில் இருப்பதால் இன்னொரு முறையும் போடலாம். வேறுபாடுகள் −0.000655, 0.000193. இரண்டாம் வேறுபாடு 0.000848. திருத்தம் 0.000044. விடை 3.141599. π-யின் உண்மை மதிப்பு 3.141593. பிழை ஏறத்தாழ 0.000007தான். தொடரை நேரடியாகக் கூட்டினால் n உறுப்புகளுக்குப் பிறகு பிழை ஏறத்தாழ 1/n இருக்கும். எனவே இதே துல்லியத்துக்குச் சுமார் ஒன்றரை லட்சம் உறுப்புகளைக் கூட்டியாக வேண்டும். இங்கே ஏழு போதுமானது.

மாதவர் மரபும் இந்தத் தொடரின் மந்தத்தை உணர்ந்து, கடைசியில் சேர்க்கும் ஒரு திருத்த உறுப்பைத் தந்தது. n உறுப்புகளுக்குப் பிறகு 4n/(4n² + 1) என்ற அளவை, அடுத்து வரவேண்டிய உறுப்பின் குறியோடு சேர்க்க வேண்டும். n = 7 எனில் அது 28/197 = 0.142132. 3.283738-இலிருந்து கழித்தால் 3.141606. ஒரே வகுத்தலில் இவ்வளவு கிடைப்பது வியப்புதான். ஆனால் இரண்டும் வேறு வேறு இயல்புள்ள முறைகள். மாதவரின் திருத்தம் இந்தத் தொடரின் உறுப்புகள் எப்படி அமைந்தவை என்று அறிந்து, இதற்கென்றே செய்தது. எய்ட்கன் முறைக்கு எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அதனால்தான் அது எங்கே பொருந்தாது என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சோதனை எளிது: அடுத்தடுத்த வேறுபாடுகளின் விகிதத்தை எழுதிப் பாருங்கள். மேற்கண்ட தொடரில் அது −0.600, −0.714, −0.778, −0.818 என்று −1-ஐ நோக்கிப் போகிறது. விகிதம் +1-ஐத் தவிர வேறு ஓர் எண்ணில் நிலைகொள்ளும் தொடர்வரிசைகளில் முறை நன்றாக வேலை செய்யும். +1-ஐ நெருங்கினால் சிக்கல். 1 + 1/4 + 1/9 + 1/16 + … என்ற தொடரைப் பாருங்கள். விகிதங்கள் 0.444, 0.563, 0.640 என ஏறிக்கொண்டே போய் 1-ஐ அணுகுகின்றன. முதல் மூன்று கூடுதல்கள் 1, 1.25, 1.361111. சூத்திரம் தருவது 1.45. உண்மையான எல்லை 1.644934. இன்னும் எத்தனை உறுப்புகளைச் சேர்த்துப் போட்டாலும் ஒரு சுற்று பிழையை ஏறத்தாழப் பாதியாக்குமே தவிர அதற்கு மேல் பயன் தராது. பிழை 1/n போலத் தேயும் வரிசைகளின் இயல்பு அது.

ஆனால் ‘பாதி’ என்று தெரிந்துவிட்டதே, அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். சூத்திரத்தை நடு உறுப்பு b-யிலிருந்து எழுதினால், இந்த எடுத்துக்காட்டில் திருத்தம் 0.2. 1.25 + 0.2 = 1.45. பிழை 1/n வடிவில் தேய்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தத் திருத்தத்தை இருமடங்காக்கலாம். 1.25 + 0.4 = 1.65. மூன்று உறுப்புகளிலிருந்து 1.644934-க்கு இவ்வளவு அருகில் வந்துவிடுகிறோம்.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். ஆங்கிலத்தில் இந்த வகை முறைகளுக்கு வழங்கும் ‘ஆக்சிலரேஷன்’ என்ற பொதுப்பெயர், விரைவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இயற்பியலில் அதே சொல்லை நாம் முடுக்கம் என்கிறோம். ‘பணிகளை முடுக்கிவிட்டனர்’ என்று செய்தித்தாள்கள் எழுதுவதால் அந்தச் சொல் இங்கும் பொருந்தும் என்று வாதிடலாம். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. இயற்பியலில் முடுக்கம் என்பது இடப்பெயர்ச்சியின் இரண்டாம் வகைக்கெழு. அதற்கு நேர் இணை இரண்டாம் வேறுபாடான Δ²தான். ஆக, ‘வேறுபாட்டு முடுக்கம்’ என்று எழுதினால், முறையின் நோக்கத்தைச் சொல்கிறோமா, சூத்திரத்தின் கீழ்ப்பகுதியைச் சொல்கிறோமா என்று படிப்பவர் மயங்குவார். விரைவாக்கம் என்றால் அந்த மயக்கம் இல்லை. Δ²-க்கு இரண்டாம் வேறுபாடு, முறைக்கு இரண்டாம் வேறுபாட்டு விரைவாக்கம், அதைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கு மீள்வேறுபாட்டு விரைவாக்கம் என்று மூன்றையும் பிரித்து வழங்குவது நல்லது. ‘டெல்டா இருமடி முறை’ என்ற நேர்மாற்றை மட்டும் தவிர்க்க வேண்டும். அது கணக்கையே தவறாகச் செய்ய வைக்கும்.

கையால் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழச் சமமான எண்களைக் கழிக்கிறோம், அதனால் பொருளுள்ள இலக்கங்கள் உதிர்ந்துபோகின்றன. மேலே மூன்றாம் சுற்றின் வேறுபாடு 0.000193. நான்கு தசம இடங்களோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் 0.0001 அல்லது 0.0002 ஆகி, ஒரே இலக்கத்தை நம்பி வகுக்க வேண்டியிருக்கும். இரண்டாம் வேறுபாடு, நீங்கள் வைத்திருக்கும் கடைசித் தசம இடத்தின் அளவுக்கே சிறுத்துவிட்டால் அதற்கு மேல் சுற்று வேண்டாம். அந்த நிலையில் அடுத்த எண் திடீரென்று விலகிக் குதிக்கும். அப்போது முந்திய நிரலின் கடைசி எண்ணையே விடையாகக் கொள்ளுங்கள்.