மருத்துவச் சான்றிதழை மின்னஞ்சலில் அனுப்பும்போது கோப்புக்கு என்ன பெயர் வைப்பது?

ஓசூர் சிப்காட்டில் உள்ள தொழிற்சாலை ஒன்றின் பணியாளர் பிரிவில் விடுப்புப் பதிவுகளைக் கவனிப்பது என் வேலை. பாலக்கோடு, காவேரிப்பட்டணம், தேன்கனிக்கோட்டை போன்ற ஊர்களில் உடல்நலமின்றி வீட்டில் இருக்கும் ஊழியர்கள், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மருத்துவச் சான்றிதழை ஸ்கேன் செய்து எங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். கடையின் கணினி கொடுத்த `scan0007.pdf` என்ற பெயரிலோ, வாட்ஸ்அப் வழியாக வந்தபோது அமைந்த `DOC-20250603-WA0012.pdf` என்ற பெயரிலோதான் பெரும்பாலான கோப்புகள் வந்து சேர்கின்றன.

அலுவலகத்தில் அந்த இணைப்பு மின்னஞ்சலோடு சேர்ந்தே இருப்பதில்லை. அதைப் பதிவிறக்கி விடுப்புக் கோப்புறையில் சேமித்த பிறகு, நீங்கள் எழுதிய விளக்கம் எதுவும் அதன் அருகில் இருக்காது. ஆறு மாதம் கழித்துச் சம்பளக் கணக்கிலோ தணிக்கையிலோ கேள்வி எழும்போது, இது யாருடையது, என்ன ஆவணம், எந்த நாட்களுக்கானது என்ற மூன்றையும் கோப்பின் பெயர் மட்டுமே சொல்ல வேண்டியிருக்கிறது.

யாருடையது என்பதற்குப் பெயரைவிட ஊழியர் எண்ணே உறுதியானது. எங்கள் பகுதியில் முனிராஜ்களும் மஞ்சுநாத்களும் ஒவ்வொரு பிரிவிலும் இருக்கிறார்கள். ஒருவரே ஒருமுறை Muniraj என்றும் மறுமுறை M Muniraju என்றும் எழுதுகிறார். தலைப்பெழுத்து முன்னால் வந்தால் கணினியின் அகரவரிசையில் அவருடைய இரண்டு கோப்புகளும் வெவ்வேறு இடங்களுக்குப் போய்விடும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 05-06 என்றால் ஜூன் ஐந்தா, மே ஆறா என்ற ஐயம் எழும். ஆண்டை முன்னால் வைத்தால் அந்த ஐயமும் இல்லை, கோப்புகளும் தாமாகவே காலவரிசையில் நிற்கும். சாய்கோட்டை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது என்பதால் சிறு கோடு போதும்.

4127 என்ற எண்ணுள்ள ஊழியர் 2025 ஜூன் 3 முதல் 7 வரை விடுப்பில் இருந்து, ஓய்வு நீட்டிக்கப்பட்டு, 12ஆம் தேதி பணிக்குத் திரும்பினார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மூன்று ஆவணங்களின் பெயர்கள் இப்படி அமையலாம்:

```
4127_MC_2025-06-03_2025-06-07.pdf
4127_MC_2025-06-08_2025-06-11.pdf
4127_FIT_2025-06-12.pdf
```

MC என்பது மருத்துவச் சான்றிதழ், FIT என்பது பணிக்குத் தகுதிச் சான்று. இரண்டாவது சான்றிதழ் 8ஆம் தேதியிலிருந்தே தொடங்குவதைக் கவனியுங்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை என்று மருத்துவர் 9ஆம் தேதியிலிருந்து எழுதிக் கொடுத்தால், நடுவில் ஒரு நாள் சான்றில்லாமல் நிற்கும். அந்த இடைவெளியைக் கோப்புப் பெயரைப் பார்த்தே நீங்களும் கண்டுகொள்ளலாம், அனுப்புவதற்கு முன்பே திருத்தி வாங்கலாம். ஒரு சான்றிதழுக்கு இரண்டு பக்கங்கள் இருந்தால் இரண்டையும் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். வேறு வேறு ஆவணங்களை ஒரே கோப்பில் சேர்க்காதீர்கள்.

நோயின் பெயரைக் கோப்புப் பெயரிலும் பொருள் வரியிலும் எழுத வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் வலியுறுத்துகிறேன். மின்னஞ்சலின் நகல் போகும் மேற்பார்வையாளர், கோப்புறையைத் திறக்கும் எவரும் அதைப் படிக்க நேரும். அது சான்றிதழுக்கு உள்ளே இருந்தால் போதும்.

மின்னஞ்சலின் பொருள் வரியிலும் அதே மூன்று செய்திகள் வர வேண்டும்: "4127 – மருத்துவச் சான்றிதழ் – 2025 ஜூன் 3 முதல் 7 வரை". உடல்நலக் குறைவை விவரிக்கும் நீண்ட பத்திகளை எழுத வேண்டியதில்லை. அச்செடுத்துக் கோப்பில் வைத்தாலும் ஒரே பார்வையில் விளங்கும்படி இவ்வளவு எழுதலாம்:

"வணக்கம் ஐயா. நான் அசெம்பிளி பிரிவில் பணிபுரியும் ஊழியர் எண் 4127. 2025 ஜூன் 3 முதல் 7 வரை ஐந்து நாட்களுக்கு மருத்துவ விடுப்பு கோருகிறேன். மருத்துவச் சான்றிதழ் (ஒரு கோப்பு, 2 பக்கங்கள்) இணைக்கப்பட்டுள்ளது. அசல் சான்றிதழைப் பணிக்குத் திரும்பும் நாளில் ஒப்படைக்கிறேன்."

கீழே முழுப் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். இணைப்பின் பக்க எண்ணிக்கையை எழுதுவது சிறிய செயல்தான். ஆனால் இரண்டாம் பக்கம் ஸ்கேனில் விடுபட்டிருந்தால் அதை வைத்துத்தான் உடனே கண்டுபிடிக்கிறோம்.

விடுப்பு நீளும்போது பழைய மின்னஞ்சலுக்கே பதில் அனுப்பினால், பொருள் வரியில் பழைய தேதிகள் நின்றுவிடும். புதிய மின்னஞ்சலாக அனுப்பி, முதல் வரியில் "ஜூன் 3 அன்று அனுப்பிய சான்றிதழின் நீட்டிப்பு" என்று குறிப்பிடுவதே நல்லது. மருத்துவரின் கையொப்பமோ பதிவு எண்ணோ முத்திரையோ மங்கலாக இருப்பதாகச் சொல்லி நாங்கள் மீண்டும் கேட்டால், அதே பெயரின் இறுதியில் `_v2` சேர்த்து அனுப்பி, முந்தையதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுமாறு ஒரு வரி எழுதுங்கள். கைபேசியிலேயே கோப்பு மேலாளரில் கோப்பை அழுத்திப் பிடித்தால் பெயர் மாற்றும் வசதி வரும். ஜெராக்ஸ் கடையிலும் சேமிக்கும்போதே இந்தப் பெயரைச் சொல்லித் தட்டச்சு செய்ய வைக்கலாம்.