ரெண்டாவது ஹார்டு டிஸ்க் போடுறீங்களா? அந்த பவர் கன்வெர்ட்டர் கேபிள கொஞ்சம் திருப்பிப் பாருங்க

தருமபுரில சிஸ்டம் சர்வீஸ் பண்றேன். வைகாசி ஆவணி மாதிரி முகூர்த்த மாசம் முடிஞ்சா போதும், சுத்துப்பட்டு ஸ்டுடியோக்காரங்க வரிசையா வருவாங்க, "ண்ணா டிஸ்க் ஃபுல்லு, இன்னொன்னு போட்டுக் குடுங்க"ன்னு. பாதிப்பேர் வீடியோ பாத்து தாங்களே மாட்டிக்கறாங்க, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ரெண்டே ரெண்டு கேபிள்தான். ஆனா எல்லாரும் பயப்படறது டேட்டா கேபிளுக்கு, டிஸ்க்க கொல்றது என்னவோ பவர் கேபிள்தான். அதனால பவர பத்தியே கொஞ்சம் நீளமா சொல்றேன்.

முதல்ல ரெண்டையும் அடையாளம் தெரிஞ்சுக்கங்க. டிஸ்க்குக்கு பின்னாடி பக்கத்து பக்கத்துல ரெண்டு சாக்கெட் இருக்கும், ரெண்டுமே சாட்டா வகை. சின்னது டேட்டா, 7 பின், அது மதர்போர்டுக்கு போகும். அகலமா இருக்கறது பவர், 15 பின், அது கேபினெட்டுக்குள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கற பெட்டி, எஸ்எம்பிஎஸ்லருந்து வரணும். ரெண்டுக்குள்ளயும் எல் மாதிரி ஒரு வளைவு இருக்கறதால தலைகீழா மாட்ட முடியாது. ஏறலன்னா அழுத்தாதீங்க, டிஸ்க் பக்கத்துல இருக்கற அந்த பிளாஸ்டிக் நாக்கு உடைஞ்சுட்டா அப்பறம் கான்டாக்ட் எதுவும் நேரா நிக்காது.

பவர் வயர்ல மஞ்சள் 12 வோல்ட், செவப்பு 5 வோல்ட், கருப்பு கிரவுண்டு, சிலதுல ஆரஞ்சு 3.3 வோல்ட். பெரிய 3.5 இன்ச் ஹார்டு டிஸ்க்குக்கு மோட்டார் சுத்த 12ம் போர்டுக்கு 5ம் வேணும், 2.5 இன்ச் எஸ்எஸ்டிக்கு 5 மட்டும் இருந்தாலே போதும்.

இப்ப பாலக்கோடு பக்கத்துல ஒரு ஸ்டுடியோ தம்பி கொண்டுவந்த கேஸ சொல்றேன். சிஸ்டத்துல ஏற்கனவே ஒரு எஸ்எஸ்டி இருந்துச்சு, கல்யாண ஃபைல் வைக்க 4 டிபி டிஸ்க் ஒண்ணு வாங்கியிருக்காரு. கேபினெட்ட தொறந்து பாத்தா எஸ்எம்பிஎஸ்ல சாட்டா பவர் பிளக் ரெண்டுதான், ஒண்ணு எஸ்எஸ்டில, இன்னொண்ணு டிவிடி ரைட்டர்ல. மிச்சம் தொங்கிட்டு இருந்தது பழைய 4 பின் மோலக்ஸ். உடனே கடைல ஒரு மோலக்ஸ் டு சாட்டா கன்வெர்ட்டர் வாங்கி மாட்டிட்டாரு. சில மாசம் நல்லாதான் ஓடிருக்கு. ஒரு நாள் எக்ஸ்போர்ட் ஓடிட்டு இருக்கறப்ப பிளாஸ்டிக் கருகற வாசன, சிஸ்டம் தானா ஆஃப் ஆயிருச்சு, திரும்ப பட்டன அமுக்குனா ஃபேன் ஒரு சுத்து சுத்திட்டு நின்னுடுது. எஸ்எம்பிஎஸ் போச்சுன்னு நெனச்சு அத மாத்தத்தான் வந்தாரு.

ஃபேன் ஒரு சுத்துல நிக்குதுன்னா பெரும்பாலும் எங்கயோ ஷார்ட் இருக்கு, எஸ்எம்பிஎஸ் அத பாத்துட்டு தன்ன காப்பாத்திக்குதுன்னு அர்த்தம். பவர் பிளக் ஒவ்வொண்ணா கழட்டிட்டு ஆன் பண்ணி பாத்தேன், அந்த மோலக்ஸ கழட்டுனதும் சிஸ்டம் வந்துருச்சு. கன்வெர்ட்டர கையில எடுத்தா சாட்டா முனை ஒரு பக்கம் கருகி உருகியிருக்கு, டிஸ்க்கோட பவர் கான்டாக்ட்டும் சேந்து வெந்துருக்கு.

காரணம் அந்த முனைய செய்யற விதம். மலிவா வர்ற கன்வெர்ட்டர்ல வயர பின்னோட சேத்து வெச்சு மேல சூடான பிளாஸ்டிக்க ஊத்தி ஒரே கட்டியா ஆக்கிடுவாங்க. ஊத்தறப்ப உள்ள வயர் லேசா நகந்துட்டா 12 வோல்ட்டும் கிரவுண்டும் மயிரிழை இடைவெளில நிக்கும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. நாளாக ஆக சூட்டுல அந்த இடைவெளியும் போயி உள்ளயே ஷார்ட் ஆகும். இன்னொரு வகை இருக்கு, வயர் ஒவ்வொண்ணும் தனித்தனி காடில வரிசையா உக்காந்து, பின்னாடி கழட்டற மாதிரி ஒரு மூடி இருக்கும், எஸ்எம்பிஎஸ்ல வர்ற ஒரிஜினல் பிளக் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கன்வெர்ட்டர் வாங்கியே ஆகணும்னா திருப்பிப் பாத்து இந்த மூடி வெச்சத வாங்குங்க, ஜாயின்ட்டே இல்லாம வழவழன்னு ஒரே கட்டியா இருந்தா வேண்டாம்னு வெச்சுருங்க.

அந்த தம்பிக்கு கன்வெர்ட்டரே தேவப்பட்டிருக்காது, அதுதான் வயித்தெரிச்சல். டிவிடி ரைட்டர கேட்டா தொட்டே வருசக்கணக்காச்சுங்கறாரு, அதுல இருந்த பிளக்க எடுத்து டிஸ்க்குக்கு குத்தியிருந்தா முடிஞ்சது. அந்த டிஸ்க்க நான் மறுபடி எதுலயும் மாட்டல, பெங்களூருல ரெக்கவரி பண்றவங்ககிட்ட அனுப்பிட்டோம். அதே மாடல் டிஸ்க்கோட போர்டு வாங்கி மாத்துனா சரியாயிடும்னு சிலர் சொல்லுவாங்க, இப்ப வர்ற டிஸ்க்ல அந்தந்த டிஸ்க்குக்கான தகவல் போர்டுல இருக்கற ஒரு சிப்புல இருக்கும், அதையும் எடுத்து மாத்தி வெக்கணும். ஃபைல் வந்துச்சு, ஆனா செலவு புது டிஸ்க் விலையவிட பல மடங்கு.

சாட்டா பிளக் ஒண்ண ரெண்டா பிரிக்கற ஸ்பிளிட்டரும் இருக்கு. சாட்டா பிளக்ல 12 வோல்ட்டுக்கு 3 பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், ஆக மொத்தம் 4.5. பெரிய டிஸ்க் சுத்த ஆரம்பிக்கற நேரத்துல மட்டும் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும், அதனால ஒரு ஸ்பிளிட்டர்ல ரெண்டு டிஸ்க்குக்கு மேல போகாதீங்க.

கேபிள் கழட்டி மாட்டற மாடுலர் எஸ்எம்பிஎஸ் வெச்சிருக்கவங்க இன்னொண்ணும் கவனிக்கணும். பழைய எஸ்எம்பிஎஸோட கேபிள் புதுசுலயும் கச்சிதமா ஏறும், ஆனா எஸ்எம்பிஎஸ் பக்கத்துல எந்த பின்ல எந்த வோல்ட்டுன்னு பொதுவான கணக்கே கிடையாது, கம்பெனிக்கு கம்பெனி ஏன் மாடலுக்கு மாடலே மாறும். 5 வோல்ட் போக வேண்டிய எடத்துல 12 போனா ஆன் பண்ண அந்த நொடியே அந்த லைன்ல இருக்கற எல்லா டிஸ்க்கும் காலி. பெட்டிலயே வந்த கேபிள மட்டும் போடுங்க.

மாட்டறது லேசு. ஷட்டவுன் பண்ணி, சுவிட்ச அணைச்சு, பவர் கார்டையும் புடுங்கிட்டு, பவர் பட்டன ஒரு தடவ அமுக்கி மிச்ச கரண்ட்ட எறக்கிடுங்க. டிஸ்க்க தொடறதுக்கு முன்னாடி கேபினெட் இரும்ப தொட்டுக்கங்க. டிஸ்க்க ஸ்க்ரூ போட்டு நிறுத்துனப்பறம் டேட்டா கேபிள மதர்போர்டுல காலியா இருக்கற சாட்டா போர்ட்டுல குத்துங்க, கிளிப் இருந்தா கிளிக்னு சத்தம் கேக்கணும். சில போர்டுல எம்.2 எஸ்எஸ்டி போட்டிருந்தா குறிப்பிட்ட சாட்டா போர்ட் வேலையே செய்யாது, டிஸ்க் தெரியலன்னா மொதல்ல போர்ட்ட மாத்திப் பாருங்க, மேனுவல்லயும் எழுதியிருப்பான்.

ஆன் பண்ணதும் பயாஸ்ல ரெண்டு டிஸ்க்கும் தெரியுதான்னு பாருங்க. விண்டோஸ்ல புது டிஸ்க் தானா டிரைவ் லெட்டரோட வராது, ரன்ல இத போடுங்க:

```
diskmgmt.msc
```

Initialize Disk-னு கேக்கும். புது டிஸ்க்னா GPT குடுங்க, MBR குடுத்தா 2 டிபிக்கு மேல இருக்கற எடத்த பயன்படுத்த முடியாது. வேற சிஸ்டத்துலருந்து கழட்டுன, உள்ள ஃபைல் இருக்கற டிஸ்க்குக்கு இப்படி கேட்டா கேன்சல் பண்ணிட்டு கைய எடுத்துருங்க.

டேட்டா கேபிள் மோசமா இருந்தா டிஸ்க் சாகாது, ஃபைல் காப்பி ஆகறப்ப நடுவுல நிக்கும் இல்ல டிரைவ் காணாமப்போயி திரும்ப வரும். டிஸ்க்கோட நெலமைய காட்டற CrystalDiskInfo சாஃப்ட்வேர போட்டு C7 வரியில UltraDMA CRC Error Count பாருங்க, Raw Values ஏறிட்டே இருந்தா பெரும்பாலும் கேபிளோ கனெக்‌ஷனோதான். கேபிள மாத்துனப்பறம் அந்த எண் பூஜ்ஜியத்துக்கு வராது, அப்படியேதான் இருக்கும், மேல ஏறாம நின்னுட்டா சரியாயிடுச்சுன்னு எடுத்துக்கலாம்.