காட்டுக்கும் ஆள்கணக்கு: வார்டு எல்லை மாறும்போது மக்கள்தொகையைப் பிரிப்பது எப்படி?

2011 மார்ச் 1 நிலவரப்படி சென்னையின் மக்கள்தொகை 46,46,732. அந்தக் கணக்கு வெளியானது பழைய மாநகராட்சியின் 155 வார்டுகளுக்கு. அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது, மொத்தம் 200 வார்டுகள் ஆயின. பழைய நகரத்தின் 155 வார்டுகள் அதில் 107 ஆகச் சுருங்கின. கணக்கெடுப்பு ஒரு எல்லையில் இருக்கிறது, நிர்வாகம் இன்னொரு எல்லையில் நடக்கிறது. புதிய வார்டில் எத்தனை பேர் என்று கேட்டால் நேரடி விடை கிடையாது. கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு எல்லோரும் முதலில் எடுக்கும் வழி பரப்பு விகிதப் பங்கீடு. பழைய வரைபடத்தின் மேல் புதியதை வைத்து வெட்டினால் துண்டுகள் கிடைக்கும். ஒரு துண்டு பழைய வார்டின் பரப்பில் எத்தனை பங்கோ, அந்த வார்டின் மக்களில் அத்தனை பங்கு அந்தத் துண்டுக்கு. பிறகு ஒவ்வொரு புதிய வார்டுக்குள்ளும் விழுந்த துண்டுகளைக் கூட்டினால் போதும். பைத்தானின் geopandas நூலகத்தில், src பழைய வார்டுகள், new புதிய வார்டுகள், P பழைய வார்டின் மக்கள்தொகை, zone புதிய வார்டின் எண் என்று வைத்தால் இவ்வளவுதான்:

```python
src = src.to_crs(32644)
new = new.to_crs(32644)
src["A"] = src.area
p = src.overlay(new, how="intersection")
p["pop"] = p["P"] * p.area / p["A"]
out = p.groupby("zone")["pop"].sum()
```

மூன்றாவது வரிக்கு ஒரு காரணம் உண்டு. வெட்டுவதற்கு முன்பே முழு வார்டின் பரப்பை எழுதி வைக்காவிட்டால், வெட்டிய பிறகு வகுப்பதற்கு முழுப் பரப்பு கையில் இருக்காது. 32644 என்பது சென்னைக்குப் பொருந்தும் மீட்டர் அளவு வரைபட முறையின் எண். அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகையிலேயே பரப்பைக் கணக்கிட்டால் எல்லாம் பாழ் என்று பலர் பயமுறுத்துவார்கள். உண்மையில் இரண்டு கிலோமீட்டர் அகல வார்டுக்குள் அந்தத் திரிபு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான், விகிதம் எடுக்கும்போது அடிபட்டுப் போகும். பெரிய தவறு வேறிடத்தில் இருக்கிறது. எழுத்தறிவு சதவீதத்தையும் இதே வரியில் போட்டுப் பெருக்கிவிடுவார்கள். சதவீதத்தைப் பங்கு போட முடியாது. எழுத்தறிந்தோர் எண்ணிக்கையையும் மொத்த எண்ணிக்கையையும் தனித்தனியே பங்கிட்டு, கடைசியில் வகுக்க வேண்டும்.

இந்த முறையின் உள்ளே ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: வார்டுக்குள் மக்கள் எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கிறார்கள் என்பது. கிண்டிப் பக்கம் போனால் இது எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரியும். அங்கே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. மான்கள் உண்டு, வீடுகள் இல்லை.

அப்படிக் காட்டை ஒட்டிய ஒரு வார்டைக் கற்பனை செய்துகொள்வோம். பரப்பு 4 சதுர கிலோமீட்டர், மக்கள் 30,000. புதிய எல்லை அதை வடக்கே 2.5, தெற்கே 1.5 என்று வெட்டுகிறது. பரப்பு விகிதப்படி வடக்குக்கு 18,750 பேர், தெற்குக்கு 11,250 பேர்.

இந்த வார்டில் 1.5 சதுர கிலோமீட்டர் காடு என்று வைப்போம், அதில் 1.2 தெற்கில், 0.3 வடக்கில். ஆள் வாழும் நிலம் வடக்கே 2.2, தெற்கே வெறும் 0.3. வீடுள்ள பகுதியில் அடர்த்தி ஒரே மாதிரி இருந்தால், சதுர கிலோமீட்டருக்கு 12,000 பேர் வீதம் தெற்கில் 3,600 பேர்தான் இருப்பார்கள். நாம் எழுதியதோ அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதிகமான 7,650 பேரும் மரங்களுக்கு நடுவே குடியேற்றப்பட்டவர்கள்.

இந்தப் பிழையை ஒரே வரியில் எழுதலாம்:

பிழை = துண்டின் பரப்பு × (வார்டின் சராசரி அடர்த்தி − துண்டின் உண்மை அடர்த்தி)

தெற்கில் அது 1.5 × (7,500 − 2,400) = 7,650. வடக்கில் அதே 7,650 குறைகிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பங்கிட்ட பிறகு மொத்தத்தைக் கூட்டிப் பார்த்து, சரியாக 30,000 வருகிறது என்று நிம்மதி அடைவார்கள். ஒரு துண்டு இழந்ததை இன்னொரு துண்டு வாங்கிக்கொள்வதால் மொத்தம் எப்போதும் சரியாகத்தான் வரும். எதையாவது தொலைத்துவிட்டோமா என்பதற்கு மட்டுமே அந்தச் சோதனை பயன்படும்.

காடு, ஏரி, விமான ஓடுபாதை போன்றவற்றை முதலிலேயே கழித்துவிட்டு மிச்சமுள்ள பரப்பில் பங்கிடுவது அடுத்த படி. செயற்கைக்கோள் படத்தை வைத்து இதைச் செய்துவிடலாம், பெரும்பாலும் பலன் தரும். ஆனால் இதுவும் கவிழும் இடம் உண்டு. தெற்கின் அந்த 0.3 சதுர கிலோமீட்டரில் இருப்பது தனி வீடுகள் அல்ல, குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடிகள் என்று வைப்போம். அங்கே உண்மையில் 7,400 பேர். இப்போது பரப்பு விகிதம் 3,850 பேரை அதிகம் சொல்கிறது. காட்டைக் கழித்த முறை 3,800 பேரைக் குறைத்துச் சொல்கிறது. ஏறக்குறைய ஒரே அளவு பிழை, திசை மட்டும் எதிர். காட்டை நீக்கியதும் துல்லியம் கூடிவிட்டது என்று எண்ணியவருக்கு இது கசப்பாக இருக்கும். காலி நிலம் எது என்று தெரிந்தது, நெருக்கடி எங்கே என்று தெரியவில்லை.

அதற்கு வீடுகளின் எண்ணிக்கை வேண்டும். கட்டடங்களின் தளப்பரப்பை எடுத்தால் அடுக்குமாடி கணக்கில் வரும். ஆனால் சிறிய வீட்டில் தலைக்குக் கிடைக்கும் இடமும் குறைவு என்பதால், அது ஏழைக் குடியிருப்பை மறுபடியும் குறைத்துக் காட்டும். வீட்டுக் கணக்கு இதைவிட மேல். தெற்கே 1,800 வீடுகள், வடக்கே 6,200 என்றால் தெற்கின் பங்கு 22.5 சதவீதம், அதாவது 6,750 பேர். பிழை 650 ஆக இறங்கிவிட்டது. மிச்சம் நிற்பது, தெற்கில் வீட்டுக்குச் சராசரியாக 4.1 பேர், வடக்கில் 3.6 பேர் என்ற வேறுபாடு. கணக்கெடுப்புத் தொகுதி என்று சொல்லும் மிகச் சிறிய அலகின் எண்ணிக்கையும் எல்லையும் கிடைத்தால் இந்தப் பாடே வேண்டாம், ஆனால் பொதுவில் வெளியாகும் அட்டவணைகள் வார்டோடு நின்றுவிடுகின்றன.

கையில் வேறு தகவலே இல்லை என்றால், பிழை எங்கே பதுங்கியிருக்கிறது என்றாவது கண்டுபிடிக்கலாம். முழுதாக ஒரே புதிய வார்டுக்குள் போன பழைய வார்டில் பிழையே கிடையாது. வெட்டுப்பட்டவற்றில், மேலே கண்ட சூத்திரத்தைத் திருப்பி எழுதினால், பிழை = a(A − a)/A × இரு துண்டுகளின் அடர்த்தி வேறுபாடு. இதில் A வார்டின் பரப்பு, a துண்டின் பரப்பு. இரண்டு துண்டும் சமமாக இருக்கும்போது a(A − a)/A உச்சத்தில் இருக்கும். 4 சதுர கிலோமீட்டர் வார்டு நடுவில் வெட்டுப்பட்டால் அது 1, ஓரத்தில் ஒரு சதவீதம் மட்டும் வெட்டுப்பட்டால் 0.04. இரண்டு வரைபடங்களும் சரியாக ஒட்டாததால் எல்லை நெடுக வரும் நூல் போன்ற துண்டுகள் திரையில் நூற்றுக்கணக்கில் தெரியும். பார்க்கத்தான் பயம், அவற்றால் வரும் கேடு பெரிதல்ல. 40-க்கு 60, 50-க்கு 50 என்று பிளந்த வார்டுகளைத் தனியே பட்டியல் போட்டு, அவற்றில் ஒரு பக்கம் காடோ கடற்கரையோ கல்லூரி வளாகமோ இருப்பவற்றை முதலில் நேரில் போய் வீடு எண்ணச் செய்வது நல்லது.

முறையையே சோதிக்க வேண்டுமானால் விடை தெரிந்த இடத்தில் ஓட்டிப் பார்க்கலாம். பழைய 155 வார்டுகள் 10 மண்டலங்களில் இருந்தன. மண்டல மொத்தத்தை மட்டும் எடுத்து, அதை வார்டுகளுக்குப் பரப்பு விகிதத்தில் பிரித்து, கணக்கெடுப்பின் வார்டு எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். மண்டலம் வார்டைவிடப் பெரிது, அடர்த்தி அதற்குள் இன்னும் கூடுதலாக ஏறி இறங்கும். ஆகவே இங்கே வரும் பிழை பொதுவாக வார்டுக்கு வார்டு மாற்றுவதில் வருவதைவிடப் பெரிதாகவே இருக்கும். சராசரிப் பிழையோடு நிற்காமல், கூடுதலாக வந்த வார்டுகளைச் சிவப்பிலும் குறைந்தவற்றை நீலத்திலும் வரைபடத்தில் நிரப்பிப் பாருங்கள். சிவப்பு காடும் திறந்தவெளியும் இருக்கும் பக்கமாகத் திரண்டு நின்றால், அது தற்செயல் பிழை அல்ல. பிழைச் சதவீதத்தைக் குறைக்க எல்லைக் கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை, பங்கிடும் எடையைப் பரப்பிலிருந்து வீட்டு எண்ணிக்கை போன்ற ஒன்றுக்கு மாற்ற வேண்டும்.